பெற்றுக்கொண்டு, காலி செய்து, ஒப்படைத்து... ஒரு வாக்கியத்தை எங்கே முறிப்பது?

அரசு அலுவலகத்தில் வரைவுக் கடிதம் எழுதியே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். "பார்வையில் காணும் கடிதத்தின்படி" என்று தொடங்கினால் பக்கத்தின் அடிவரை மூச்சு விடாமல் போகும் வாக்கியம் எனக்கு அந்நியம் அல்ல. அதை எழுதத் தெரிந்தவனுக்குத்தான் எங்கள் காலத்தில் "நல்ல டிராஃப்ட்" என்று பெயர். அதனால் இந்த விஷயத்தில் வெளியே நின்று குறை சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஓய்வுக்குப் பிறகு கல்லிடைக்குறிச்சிப் பக்கம் குடியிருக்கிறேன். மாஞ்சோலையிலிருந்து மலை இறங்கினால் மணிமுத்தாறு, அதைத் தாண்டினால் நாங்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்ற பெயர்களைக் கேட்டே வளர்ந்த ஊர் இது. 2024-ல் அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. மூன்று நான்கு தலைமுறையாக லைன் வீடுகளில் இருந்த குடும்பங்கள் கீழே இறங்கத் தொடங்கின. அந்த நாட்களிலும் அதற்குப் பிறகும் பலவிதமான காகிதங்கள் என் திண்ணைக்கு வந்திருக்கின்றன. நோட்டீஸ், படிவம், மனுவுக்குப் பதில், வக்கீல் கடிதம். எது எந்த அலுவலகத்துக் காகிதம் என்பது இங்கே தேவையில்லை. எல்லாவற்றுக்கும் வாக்கியம் ஒரே அச்சுதான்.

ஒரு அம்மா காகிதத்தை நீட்டிவிட்டுக் கேட்டார்: "அண்ணாச்சி, எம் பேத்தி பன்னெண்டாவது படிச்சவ. அவ ரெண்டு தடவ வாசிச்சிட்டு புரியலைங்கா. நாங்க போணுமா வேண்டாமா, அத மட்டும் சொல்லுங்க."

பன்னிரண்டாம் வகுப்புப் படித்த பெண்ணுக்கு அதில் தெரியாத சொல் ஒன்றும் கிடையாது. வாக்கியத்தின் கட்டுமானம்தான் அவளைத் தடுத்தது. அதைத்தான் பிரித்துப் பார்க்கப் போகிறேன். யாருடைய காகிதத்தையும் இங்கே எடுத்துப் போடவில்லை. அந்த அச்சில் நானே ஒரு வாக்கியம் கட்டியிருக்கிறேன்.

"மேற்படி தோட்டத்தில் நிரந்தரத் தொழிலாளராகப் பணிபுரிந்து, விருப்ப ஓய்வு கோரி விண்ணப்பம் அளித்து, அவ்விண்ணப்பம் ஏற்கப்பட்டு, உரிய பணப்பலன்களைப் பெற்றுக்கொண்டு, குடியிருப்பைக் காலி செய்து, சாவியை ஒப்படைத்து, மாற்று வீடு கோரி மனு செய்யாத தொழிலாளர்களின் வாரிசுகள், இவ்வறிவிப்பு கிடைக்கப்பெற்ற 15 தினங்களுக்குள் உரிய சான்றுகளுடன் நேரில் ஆஜராகி மனு அளித்து, அம்மனு விசாரிக்கப்பட்டு, தகுதியுடையவர் எனக் காணப்பட்டால் வீடு ஒதுக்கீடு செய்ய ஆவன செய்யப்படும்."

எண்ணிப் பாருங்கள். பணிபுரிந்து, கோரி, அளித்து, ஏற்கப்பட்டு, பெற்றுக்கொண்டு, காலி செய்து, ஒப்படைத்து, மறுபடி கோரி, ஆஜராகி, மறுபடி அளித்து, விசாரிக்கப்பட்டு. "செய்து" என்ற வாய்பாட்டு வினையெச்சம் மட்டும் 11. வினைமுற்று ஒன்றே ஒன்று: "செய்யப்படும்".

இதில் எண்ணிக்கையைக் குற்றம் சொல்ல முடியாது. தமிழில் முற்று கடைசியில்தான் நிற்கும். முன்னால் வரும் வினைகள் எல்லாம் எச்சமாக நின்று அதை நோக்கி நகரும். அது நம் மொழியின் இயல்பான நடை. தொல்காப்பியர் இதற்கு இடம் வைத்தே சூத்திரம் செய்திருக்கிறார். வினையெச்சங்கள் எத்தனை அடுக்கி வந்தாலும், இறுதியில் நிற்பது முற்றைக் கொண்டு முடிந்துவிட்டால் பொருள் முடிந்துவிடும் என்பது அதன் கருத்து. ஆகவே "நீண்ட வாக்கியம் தமிழ் அல்ல, வெள்ளைக்காரன் பழக்கம்" என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை.

தோட்ட வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். "காலையில் எழுந்து, கஞ்சி காய்ச்சி, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டு, மலை ஏறி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளி, சுமந்து வந்து, எடை போட்டு, இருட்டும் முன் வீடு திரும்புவாள்." இதிலும் எச்சங்கள் ஏழு இருக்கின்றன. யாராவது தடுமாறுகிறார்களா? இதை வேண்டுமென்றே துண்டாக்கி, "எழுந்தாள். கஞ்சி காய்ச்சினாள். பிள்ளையை விட்டாள். மலை ஏறினாள்" என்று எழுதினால்தான் கெடும். அவளுடைய நாளின் ஓட்டமே போய்விடும்.

இரண்டு வாக்கியத்துக்கும் வித்தியாசம் என்ன? இரண்டாவதில் எல்லா வேலையையும் செய்பவள் ஒருத்தி. எழுந்தவளும் அவள்தான், காய்ச்சியவளும் அவள்தான், திரும்பியவளும் அவள்தான். இலக்கணம் கேட்பதும் இதைத்தான். "செய்து" என்னும் எச்சம், தன்னைச் செய்தவனே முடிக்கிற வினையையும் செய்பவனாக இருக்க வேண்டும் என்று கேட்கும். தொல்காப்பியமும் நன்னூலும் வினையெச்ச வாய்பாடுகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, எவை தன் வினைமுதலின் வினையையே கொள்ளும், எவை பிறர் வினையையும் ஏற்கும் என்று பிரிக்கின்றன. "செய்து" முதல் வகை. "செய", "செயின்" போன்றவை இரண்டாவது. "மழை பெய்ய ஆறு பெருகியது" என்றால் பெய்தது ஒன்று, பெருகியது வேறொன்று. "பெய்ய" அதைத் தாங்கும்.

விலக்கு இல்லாமல் இல்லை. "கால் ஒடிந்து விழுந்தான்" என்கிறோம். ஒடிந்தது கால், விழுந்தது அவன். கால் அவனுடைய உறுப்பு என்பதால், சினையின் வினை முதலின் வினையோடு முடியலாம் என்று இலக்கணமே அனுமதி தருகிறது. "மழை பெய்து ஆறு பெருகியது" என்றும் பேசுகிறோம். "பெய்ய" என்பதே "பெய்து" எனத் திரிந்து வந்ததாக அதையும் அமைத்துக்கொள்கிறார்கள். இரண்டு வினையும் அடுத்தடுத்து நின்று, காரணம் கண்ணுக்குத் தெரிகிறவரை இந்தச் சலுகை செல்லும்.

இப்போது நோட்டீஸுக்கு வாருங்கள். வினை ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலால் "யார்?" என்று எழுதிப் பார்ப்போம். பணிபுரிந்து, கோரி, அளித்து: தொழிலாளி. ஏற்கப்பட்டு: விண்ணப்பம், ஏற்றது நிர்வாகம், ஆனால் அது பெயர் சொல்லாமல் ஒளிந்திருக்கிறது. பெற்றுக்கொண்டு, காலி செய்து, ஒப்படைத்து, மறுபடி கோரி: மீண்டும் தொழிலாளி. ஆஜராகி, அளித்து: வாரிசு. விசாரிக்கப்பட்டு: மனு, விசாரிப்பது ஏதோ ஓர் அலுவலர். செய்யப்படும்: ஆவன. கடைசி முற்றைச் செய்யும் அலுவலகத்துக்கு வாக்கியத்தில் பெயரே இல்லை. "வாரிசுகள்" என்று எழுவாய் போல வந்த சொல்லோ தனக்கு ஒரு முற்று இல்லாமல் நடுவழியில் நிற்கிறது. வாரிசுகள் ஆஜராகி, மனு அளித்து... பிறகு? மனு என்ன, வாரிசின் கையா காலா, சினைவினைச் சலுகை கேட்க?

வாசித்த பெண் தடுமாறியது இங்கேதான். ஆள் மாறும் ஒவ்வொரு இடத்திலும் "இது யார்?" என்று அவள் மனத்துக்குள் கேட்டுக் கேட்டு, அதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுகிறார்.

"படு" என்ற துணைவினைதான் இதில் பெரிய கள்ளன். பழைய பத்திரங்களைப் பாருங்கள். அவையும் ஒரே வாக்கியமாக இரண்டு மூன்று பக்கம் போகும். ஆனால் அங்கே பேசுபவர் ஒருவர்: இன்னாரின் மகன் இன்னார் ஆகிய நான், இந்தச் சொத்தை அனுபவித்து வந்து, இன்ன செலவுக்காக இன்ன தொகைக்கு விலை பேசி, ரொக்கம் பெற்றுக்கொண்டு, சுவாதீனம் ஒப்படைத்து, எழுதிக்கொடுத்தது என்று முடியும். ஒரே "நான்" முதலிலிருந்து கடைசிவரை கையைப் பிடித்துக் கூட்டிப் போகும். அந்த நடையை அலுவலகம் எடுத்துக்கொண்டது. "நான்" என்பதை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் "ஏற்கப்பட்டு, பரிசீலிக்கப்பட்டு, ஒதுக்கப்பட்டு" என்று போட்டது. சங்கிலி அதேதான், பிடித்திருந்த கை போய்விட்டது.

இதுவரை சொன்னது வாசிக்கும் கஷ்டம். பணமும் வீடும் போகிற இடம் இன்னும் இரண்டு இருக்கின்றன.

முதலாவது, எதிர்மறை. "காலி செய்து, சாவியை ஒப்படைத்து, மனு செய்யாத தொழிலாளர்கள்" என்றால் யார்? வீட்டைக் காலி செய்தார்கள், சாவியையும் கொடுத்தார்கள், மனு மட்டும் செய்யவில்லை என்று ஒரு பொருள். காலி செய்யவும் இல்லை, சாவி கொடுக்கவும் இல்லை, மனு செய்யவும் இல்லை என்று இன்னொரு பொருள். தமிழில் எச்சத்துக்கு முகம் கிடையாது. கடைசி வினையின் "இல்லை", "ஆத" எல்லாம் பின்னோக்கி எவ்வளவு தூரம் பாயும் என்பது சூழலைப் பொறுத்தது. "அவன் சாப்பிட்டுவிட்டுப் போகவில்லை" என்று வீட்டில் சொல்கிறோம். சாப்பிட்டவன் இன்னும் இங்கேயே இருக்கிறானா? பட்டினியாகப் போய்விட்டானா? எதிரே இருப்பவருக்குத் தெரியும், ஏனென்றால் இலையில் சோறு இருப்பதை அவர் பார்க்கிறார். நோட்டீஸ் வாசிப்பவருக்கு முன்னால் இலை இல்லை. இன்னும் மேலே லைன் வீட்டில் இருக்கும் ஒரு குடும்பம், இந்த 15 நாள் கெடு தங்களுக்கும் சேர்த்தா என்று கேட்டால், அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்.

பத்தியின் நடுவில் காற்புள்ளி போட்டால் தீரும் என்பார்கள். தீராது. ஓலைச்சுவடியில் நிறுத்தக்குறி கிடையாது. அச்சு வந்து, ஆறுமுக நாவலர் போன்றவர்கள் உரைநடையில் அவற்றைப் பழக்கிய பிறகுதான் நமக்குக் காற்புள்ளி வந்து சேர்ந்தது. இன்றும் நம்மில் பலர் அதை மூச்சு விடும் இடத்தில் போடுகிறோம், பொருள் பிரியும் இடத்தில் அல்ல. அந்தச் சின்னக் கோட்டின் மேல் ஒரு குடும்பத்தின் வீட்டை ஏற்றி வைக்கக் கூடாது.

இரண்டாவது, "வேண்டும்". இது இன்னும் நுட்பமானது. "பணப்பலனைப் பெற்றுக்கொண்டு குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும்." ஆறே சொல். நீளம் என்று யாரும் சொல்ல முடியாது. தொழிலாளி இதை எப்படி வாசிப்பார்? பணம் முதலில் கைக்கு வரும், அதற்குப் பிறகு காலி செய்வேன். "பெற்றுக்கொண்டு" இறந்தகால வினையெச்சம். முந்தி நடப்பது அது என்று இலக்கணமும் அவர் பக்கம் நிற்கும். எழுதிய அலுவலர் கேட்டால், "இரண்டையும் செய்ய வேண்டும் என்றுதான் சொன்னோம், எது முந்தி என்று சொல்லவே இல்லையே" என்பார். அவர் பக்கமும் வழக்கு உண்டு. "சிரித்துப் பேசினான்" என்றால் சிரித்து முடித்த பிறகா பேசினான்? "செய்து" சில சமயம் முன்பின் வரிசை, சில சமயம் கூடவே நடப்பது, சில சமயம் காரணம், சில சமயம் வெறும் "மற்றும்". ஒரே வடிவத்துக்கு இத்தனை வேலை. பணம் வரத் தாமதமானால் வீட்டில் இருக்க உரிமை உண்டா என்ற கேள்வி, இந்த ஒரு "கொண்டு"-வில் தொங்குகிறது.

இங்கே வாக்கியத்தை முறித்தால் மட்டும் போதாது. விட்டுப்போன சொல்லையும் போட வேண்டும். "பணப்பலன் முழுவதும் கைக்கு வந்த பிறகே காலி செய்ய வேண்டும்" என்று எழுதுங்கள். அல்லது "குறித்த தேதிக்குள் காலி செய்ய வேண்டும். பணப்பலன் அதற்குப் பிறகு வழங்கப்பட்டாலும் இந்தத் தேதி மாறாது" என்று எழுதுங்கள். இரண்டாவது கசப்பாக இருக்கும். ஆனால் வாசிப்பவர் எதை எதிர்த்து மனுப் போட வேண்டும் என்றாவது அவருக்குத் தெரியும். சில வரைவுகள் தெளிவில்லாமல் இருப்பது, எழுதியவருக்குத் தெளிவாக எழுதத் தெரியாததால் அல்ல என்பது என் அனுபவம். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்.

சரி, முதல் வாக்கியத்தை நான் எப்படி எழுதியிருப்பேன்?

"இந்த அறிவிப்பு, மேற்படி தோட்டத்தில் நிரந்தரத் தொழிலாளராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர்களின் வாரிசுகளுக்கு உரியது. தொழிலாளி பணப்பலனைப் பெற்று, குடியிருப்பைக் காலி செய்து, சாவியை ஒப்படைத்திருக்க வேண்டும். மூன்றும் முடிந்திருந்தால்தான் இது பொருந்தும். மாற்று வீடு கேட்டு அவர் இதுவரை மனு கொடுத்திருக்கக் கூடாது. அத்தகைய தொழிலாளியின் வாரிசு, இந்த அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் உரிய சான்றுகளுடன் நேரில் வந்து மனு கொடுக்க வேண்டும். மனுவை இந்த அலுவலகம் விசாரிக்கும். வாரிசுக்குத் தகுதி உண்டு எனக் கண்டால், வீடு ஒதுக்க நடவடிக்கை எடுக்கும்."

ஒன்று ஏழாகிவிட்டது. நீளம் பெரிதாகக் குறையவில்லை. அது நோக்கமும் இல்லை. இரண்டாவது வாக்கியத்தில் "பெற்று, காலி செய்து, ஒப்படைத்து" என்ற சங்கிலியை அப்படியே விட்டிருக்கிறேன், ஏனென்றால் மூன்றையும் செய்பவர் ஒரே ஆள். ஆள் மாறிய இடத்தில்தான் முற்றுப்புள்ளி. எதிர்மறையைத் தனி வாக்கியமாக்கியதால் அது பின்னால் பாய வழியில்லை. 15 நாள் என்பது "மனு கொடுக்க வேண்டும்" என்பதோடு ஒட்டி நிற்கிறது; வீடு 15 நாளில் கிடைக்கும் என்று யாரும் நம்பிக் காத்திருக்க மாட்டார்கள். விசாரிப்பது யார் என்பதும் வெளியே வந்துவிட்டது.

"மூன்றும் முடிந்திருந்தால்தான்" என்று ஒட்டியதைக் கவனித்திருப்பீர்கள். முறிப்பதில் உள்ள ஆபத்து இதுதான். எச்சங்கள் கோத்து நிற்கும்போது "இது, இதனோடு இது" என்ற நிபந்தனை தானாகவே வரும். துண்டு துண்டாக்கி வரிசை எண் போட்டுவிட்டால், ஏதாவது ஒன்று இருந்தாலே போதும் என்று வாசிக்க இடம் உண்டாகும். காரணமும் அப்படித்தான். "மண் சரிந்து, பாதை அடைபட்டு, பஸ் வராததால் ஆஜராக முடியவில்லை" என்று மலைக்காரர் ஒருவர் மனு எழுதினால், அதை "மண் சரிந்தது. பாதை அடைபட்டது. பஸ் வரவில்லை. ஆஜராக முடியவில்லை" என்று திருத்திக் கொடுக்காதீர்கள். எது எதனால் என்பது போய், நான்கு தனிச் செய்தி ஆகிவிடும். முறித்தே ஆக வேண்டுமென்றால் "அதனால்", "அதன் பிறகு" என்று போட்ட முடிச்சு தெரிய வேண்டும்.

பெயரெச்சம் தனிக் கதை. ஒன்று மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் மாஞ்சோலை பற்றி எழுதுகிறவர்கள் அடிக்கடி இதில் விழுகிறார்கள். "சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்று ஜமீன் ஒழிப்புக்குப் பின் அரசுக்குச் சென்ற 8,373 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட நிறுவனத்தில் பணிபுரிந்த தொழிலாளர்கள்" என்று போகும். "பெற்று... சென்ற" என்பதைச் சேர்த்துப் படித்தால் குத்தகைக்குப் பெற்றதும் அரசுக்குச் சென்றதும் ஒரே பொருளின் வினையாகிறது, நிலமே நிலத்தைக் குத்தகைக்குப் பெற்றது போல! "பின்... பயிரிட்ட" என்று சேர்த்தால் ஜமீன் ஒழிப்புக்குப் பிறகுதான் தேயிலை வந்தது என்று ஆகும். இதை வருட வரிசைப்படி முறித்துவிட்டால் போதும். 1929-ல் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. பிறகு 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜமீன்கள் ஒழிக்கப்பட்டபோது நிலம் அரசிடம் போனது. குத்தகை மட்டும் தொடர்ந்தது. அதன் காலம் 2028-ல் முடிகிறது. நிலம் யாருடையது, குத்தகை யாருடையது, எதுவரை என்ற மூன்றும் குழப்பம் இல்லாமல் நின்றுவிடுகின்றன.

என் பழைய சகா ஒருவர் இதைப் படித்தால் சண்டைக்கு வருவார். "வே, அரசாங்கக் கடிதம்னா ஒரு கம்பீரம் வேண்டாமா? துண்டு துண்டா எழுதுனா பள்ளிக்கூடப் பிள்ள கட்டுரை மாதிரில்லா இருக்கும்" என்பார். ஒரு சங்கதியில் அவர் சொல்வது நியாயம். நிபந்தனை நிறைந்த ஆணையை முழுக்கச் சின்ன வாக்கியமாக எழுதினால், எழுதியவருக்கே எது எதோடு சேர்கிறது என்று மறந்துபோகும். ஆனால் கம்பீரம் என்று அவர் சொல்வதை, இங்கே திண்ணையில் உட்கார்ந்து காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த முகங்களிடம் நான் காணவில்லை.

இதே பென்சில் வேலையைத் தனக்கு வரும் காகிதத்திலும் செய்து பார்க்கலாம். கடைசி வினைமுற்றை முதலில் கண்டுபிடியுங்கள். அதைச் செய்பவர் யார் என்று பக்கத்தில் எழுதுங்கள். பிறகு பின்னோக்கி ஒவ்வொரு எச்சமாக வாருங்கள். ஆள் மாறும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். "படு" வந்து ஆள் தெரியாவிட்டால் அங்கே கேள்விக்குறி போடுங்கள். தேதி எந்த வினைக்கு, "கூடாது" எத்தனை வினைக்கு என்று பாருங்கள். அந்தக் கேள்விக்குறிகளையே வரிசையாக எழுதி, காகிதம் அனுப்பிய அலுவலகத்துக்கு ஒரு மனுவாகக் கொடுத்துவிடலாம். அந்த அம்மாவுக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்: மூன்று கேள்வி, மூன்றும் ஒற்றை வரி. ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் போனது. கெடு தேதி தாண்டும் முன் தபாலில் சேர்த்த ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.